சுத்தியலுக்கு ஒரு பக்கம்: மெழுகுவர்த்தி வரைபடப் பாடத்தைக் கையேடாக்குவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடக்கும் கூடத்தில் ஒருநாள் பங்குச் சந்தை பற்றி ஒரு விரிவுரை வைத்திருந்தார்கள். பேச வந்தவர் விஷயம் தெரிந்தவர். ஒன்றரை மணி நேரத்தில் பன்னிரண்டு மெழுகுவர்த்தி வடிவங்களைத் திரையில் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் சில படங்கள், ஒரு பெயர், ஒரு வரி விளக்கம். ஹேமர் எனப்படும் சுத்தியல் வடிவத்துக்கு அவர் சொன்னதை என் குறிப்பேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: “இறக்கத்தின் அடியில் சுத்தியல் வந்தால் விலை திரும்பும். வாங்கலாம்.”

முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற செவிலியரான ஓர் அக்கா என்னிடம் வந்தார். “தம்பி, வாங்கலாம்னு சொன்னாரே, எந்த விலைக்கு வாங்கறது? அது தப்பாப் போச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். என் குறிப்பில் இரண்டுக்கும் பதில் இல்லை. விரிவுரையில் கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கிறது. வீட்டுக்குப் போய் வரைபடத்தைத் திறந்தால், கண்ணில் படுவதில் பாதி சுத்தியல் போலத் தெரிகிறது. அதனால் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எச்சரிக்கைகளைக் கடைசியில் குவிக்காமல் அந்தந்த இடத்திலேயே ஓரக்குறிப்பாக எழுதி, ஒரு கையேடு தயாரிக்கத் தொடங்கினேன். அதில் சுத்தியலுக்கான பக்கம் எப்படி உருவானது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தால் மற்றப் பதினொன்றையும் அதே முறையில் செய்யலாம்.

முதலில் மெழுகுவர்த்தி என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு நாளில் ஒரு பங்கு எத்தனையோ விலைகளில் கைமாறுகிறது. அவற்றில் நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: தொடங்கிய விலை, தொட்ட உச்சம், தொட்ட அடி, முடிந்த விலை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே ஒரு பெட்டி வரைந்தால் அது உடல். அங்கிருந்து உச்சம் வரை மேலேயும் அடி வரை கீழேயும் ஒரு கோடு இழுத்தால் அது திரி. முடிவு விலை தொடக்க விலையைவிட உயர்ந்திருந்தால் பெட்டி பெரும்பாலும் பச்சை, தாழ்ந்திருந்தால் சிவப்பு. ஜப்பானின் அரிசி வணிகத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் முறை இது. ஒசாகா நகரின் டோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730இல் அரசு அனுமதி கிடைத்தது. நெல்லையும் அரிசியையும் பேரம் பேசி வளர்ந்த நமக்கு அந்நியமான ஒன்றல்ல.

சுத்தியலில் உடல் சிறியது, மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். கீழ்த்திரி நீளமானது. மேல்திரி இருக்காது, அல்லது மிகக் குட்டையாக இருக்கும். விரிவுரையில் இவ்வளவுதான் சொன்னார்கள். ஆனால் எவ்வளவு சிறியது, எவ்வளவு நீளம் என்று எண்ணில் சொல்லாவிட்டால் நம் கண் நமக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டு நட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு நாளும் சுத்தியல்தான். ஆகவே கையேட்டின் முதல் வேலை, வடிவத்தை எண்ணாக மாற்றுவது. நான் வைத்துக்கொண்ட அளவு இது: கீழ்த்திரி உடலைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், மேல்திரி அன்றைய மொத்த வீச்சில், அதாவது உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள தூரத்தில், பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இரண்டு மடங்கு என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. பத்தில் ஒரு பங்கு என் தேர்வு. வேறொருவர் எட்டில் ஒரு பங்கு என்று வைக்கலாம். முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுப் பிறகு மாற்றாமல் இருந்தால் போதும்.

கணினியில் விலைப்பட்டியல் இருந்தால், `A` நிரலில் தேதி, அடுத்தடுத்து `B` தொடக்கம், `C` உச்சம், `D` அடி, `E` முடிவு என்று வைத்து, பக்கத்தில் இந்தச் சூத்திரத்தைப் போடலாம்:

```
=AND(E2<>B2, MIN(B2,E2)-D2>=2*ABS(E2-B2), C2-MAX(B2,E2)<=(C2-D2)/10)
```

அந்த நாள் சுத்தியல் என்றால் `TRUE` வரும். நம் நாட்டு அமைப்பில் உள்ள கணினிகள் பல, சூத்திரத்துக்குள் காற்புள்ளியை ஏற்காது. பிழை காட்டினால் `,` வரும் இடத்திலெல்லாம் `;` போட்டுப் பாருங்கள்.

எண் சரியாக வந்தாலும் அது இன்னும் சுத்தியல் ஆகிவிடவில்லை. அது எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். இதே வடிவம் நீண்ட ஏற்றத்தின் உச்சியில் வந்தால் அதற்கு வேறு பெயர்: ஹேங்கிங் மேன், தூக்கில் தொங்குபவன். அங்கே அது விலை இறங்கலாம் என்பதற்கான எச்சரிக்கையாகப் படிக்கப்படுகிறது. ஒரே உருவம், இரண்டு எதிர்ப் பொருள். விலை எந்தப் பக்கமும் போகாமல் நடுவில் ஊசலாடும்போது வந்தால் அதற்குப் பொருளே இல்லை. என் பக்கத்தில் “இறக்கம்” என்பதையும் எண்ணாக எழுதினேன்: சுத்தியல் நாளின் முடிவு விலை, அதற்கு முந்தைய பத்து நாள் முடிவு விலைகளின் சராசரிக்குக் கீழே இருக்க வேண்டும், அந்தப் பத்தில் ஆறு நாளாவது விலை முந்தைய நாளைவிடக் குறைந்து முடிந்திருக்க வேண்டும்.

இனி வடிவத்துக்குள்ளே என்ன நடந்தது என்ற கேள்வி. காலையில் விற்பவர்கள் விலையை அழுத்தினார்கள், அடியில் வாங்குபவர்கள் வந்து எதிர்த்துத் தள்ளினார்கள், மாலைக்குள் மீட்டுவிட்டார்கள் என்று விரிவுரையில் ஒரு கதை சொல்வார்கள். நல்ல கதைதான். ஆனால் மெழுகுவர்த்தி நமக்குத் தருவது நான்கு எண்கள் மட்டுமே. உச்சம் முதலில் வந்ததா, அடி முதலில் வந்ததா என்று அது சொல்வதில்லை. அடி பதினொரு மணிக்கு வந்து அதன்பிறகு நாள் முழுக்க மெல்ல மெல்ல ஏறிய சுத்தியல் ஒன்று. நாள் முழுக்க விழுந்துகொண்டே இருந்து, மூன்றரை மணிக்கு அடியைத் தொட்டு, கடைசிச் சில நிமிடத்தில் ஒரே தாவலில் மேலே வந்த சுத்தியல் இன்னொன்று. தாளில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

இது ஜோஹன்னஸ்பர்க் சந்தையில் வெறும் கற்பனை அல்ல. அங்கே தொடர் வர்த்தகம் காலை 9 மணி முதல் மாலை 4.50 வரை. அதன்பின் ஏறக்குறைய பத்து நிமிடம் முடிவு ஏலம் நடக்கிறது. வாங்குபவர்களும் விற்பவர்களும் போடும் ஆணைகள் எல்லாம் சேர்ந்து ஒரே விலையில் தீர்க்கப்படுகின்றன. அன்றைய முடிவு விலை அங்கேதான் பிறக்கிறது. ஒரு பெரிய நிதி நிறுவனம் தன் கணக்குக்காக அந்த ஏலத்தில் நிறைய வாங்கினால், விலை மேலே போய் முடியும். வரைபடத்தில் அழகான சுத்தியல் உருவாகும். அது இறக்கத்தை எதிர்த்து நின்ற கூட்டத்தின் தடயம் அல்ல, ஒருவருடைய கணக்கு வேலை. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் மூன்றாம் வெள்ளிக்கிழமை குறியீட்டு நிதிகள் தங்கள் பங்குகளை மாற்றியமைக்கும் நாள். அன்று இப்படி நடக்க வாய்ப்பு அதிகம். ஆகவே ஓரக்குறிப்பு: சுத்தியல் தெரிந்தால் அதே நாளின் ஐந்து நிமிட வரைபடத்தைத் திறந்து, மீட்சி 4.50க்கு முன்பா, ஏலத்திலா என்று பார்க்கவும். ஏலத்தில் என்றால் பக்கத்தை மூடவும்.

ராண்டு–டாலர் வரைபடம் பார்ப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு வேண்டும். நாணயச் சந்தை வார நாள்களில் இரவும் பகலும் ஓடுகிறது. “நாள்” எப்போது முடிகிறது என்பதைத் தரகர்தான் முடிவு செய்கிறார். பலர் நியூயார்க்கின் மாலை 5 மணியை வைக்கிறார்கள். அது நமக்கு இரவு 11, அவர்களின் குளிர்காலத்தில் நள்ளிரவு 12. வேறு நேரத்தில் நாளை வெட்டும் தரகரின் திரையில் அதே நாளில் சுத்தியல் இல்லாமலே போகலாம். வெட்டும் இடத்தை மாற்றினால் மறைந்துவிடும் வடிவத்தின்மேல் பணம் வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

சரி, அக்கா கேட்ட கேள்விக்கு வருவோம். எந்த விலைக்கு வாங்குவது? எண்களை வைத்துத்தான் இதைப் பார்க்க முடியும். விளக்கத்துக்காக நான் அமைத்த ஒரு கணக்கு இது, எந்தக் குறிப்பிட்ட நிறுவனத்தின் பங்கும் அல்ல. ஜோஹன்னஸ்பர்க்கில் பங்கு விலையைச் சென்ட்டில் குறிப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். 8,000 என்றால் 80 ராண்டு.

ஒரு பங்கு இரண்டு வாரத்தில் 9,400இலிருந்து 8,000 அருகே இறங்கியிருக்கிறது. அன்று 7,990இல் தொடங்கி, 7,700 வரை விழுந்து, 8,100 வரை ஏறி, 8,080இல் முடிகிறது. உடல் 90. கீழ்த்திரி 7,990 கழித்தல் 7,700, அதாவது 290; உடலைப்போல் மூன்று மடங்குக்கு மேல். மேல்திரி 20, மொத்த வீச்சு 400இல் பத்தில் ஒன்று 40, அதற்குள் அடங்குகிறது. இறக்கமும் இருக்கிறது. ஐந்து நிமிட வரைபடத்தில் மீட்சி மதியமே தொடங்கிவிட்டது. எல்லா விதிக்கும் பொருந்தும் சுத்தியல்.

ஆனால் சுத்தியல் தனியாகப் போதாது, அடுத்த நாள் உறுதிப்படுத்த வேண்டும் என்பார்கள். சுத்தியலின் உச்சத்துக்கு மேலே அடுத்த நாள் முடிய வேண்டும் என்பது வழக்கமான விதி. அடுத்த நாள் 8,190இல் முடிகிறது. உறுதி கிடைத்தது. ஆனால் அது உறுதியாகும் நேரத்தில் சந்தை மூடிவிட்டது. நாம் வாங்க முடிவது மூன்றாம் நாள் காலையில். அப்போது விலை 8,200 என்று வைத்துக்கொள்வோம்.

தப்பாகப் போனால் எப்போது தெரியும்? சுத்தியலின் அடி உடைந்தால். 7,700இல் வந்து நின்று எதிர்த்தவர்கள் தோற்றுவிட்டார்கள் என்றால் வடிவம் சொன்ன கதை முடிந்தது. எனவே, விலை அங்கே இறங்கினால் விற்றுவிடச் சொல்லும் ஸ்டாப் லாஸ் ஆணை அதற்குச் சற்றுக் கீழே, 7,680இல். இப்போது கழித்துப் பாருங்கள்: 8,200இல் வாங்கி 7,680இல் வெளியேறினால் பங்குக்கு 520 சென்ட் நட்டம்.

லாபப் பக்கம் எவ்வளவு? மேலிருந்து இறங்கி வந்த வழியில் 8,600 அருகே விலை முன்பு இரண்டு முறை தடுக்கப்பட்டுத் திரும்பியிருக்கிறது. அங்கே நட்டத்தைக் குறைக்கக் காத்திருப்பவர்கள் விற்பார்கள் என்று எதிர்பார்ப்பதே நியாயம். அதுவரை போனால் கிடைப்பது 400 சென்ட். 400ஐப் பெறுவதற்காக 520ஐப் பணயம் வைக்கிறோம். கட்டணம் எதுவும் இல்லாவிட்டாலும், இதில் கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க 520ஐ 920ஆல் வகுத்தால் வருவது, அதாவது நூற்றுக்கு 57 முறை, வெற்றி வேண்டும்.

இந்தப் பக்கத்தை எழுதும்போது நான் கற்ற மிக முக்கியமான விஷயம் இதுதான். சுத்தியலின் திரி நீளமாக நீளமாக வடிவம் அழகாகிறது. அதே திரிதான் நம் ஸ்டாப் லாஸைத் தொலைவுக்குத் தள்ளி வியாபாரத்தைக் கெடுக்கிறது. உறுதிக்காகக் காத்திருந்தால் பொய்யான சுத்தியல்கள் சில கழியும். காத்திருந்த ஒவ்வொரு சென்ட்டும் நட்டப் பக்கத்தில் கூடி, லாபப் பக்கத்தில் குறையும். விரிவுரைப் படத்தில் அம்புக்குறி எப்போதும் திரியின் அடியில் போடப்பட்டிருக்கும். அந்த விலையில் யாராலும் சுத்தியலைப் பார்த்து வாங்க முடியாது. அந்த நேரத்தில் அது சுத்தியலே அல்ல, விழுந்துகொண்டிருக்கும் நீண்ட சிவப்பு மெழுகுவர்த்தி.

கட்டணத்தையும் சேர்த்துவிடுவோம். அக்காவிடம் இதற்கென்று 10,000 ராண்டு இருக்கிறது, ஒரு முறைக்கு அதில் நூற்றில் ஒன்று, 100 ராண்டுக்கு மேல் இழக்க மாட்டேன் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பங்குக்கு 5.20 ராண்டு இடர் என்றால் 19 பங்குதான் வாங்கலாம். அதன் விலை 1,558 ராண்டு. வாங்கும்போது அரசுக்குப் பங்கு மாற்று வரி 0.25 சதவீதம், கிட்டத்தட்ட 3.90 ராண்டு. அது சிறியது. ஆனால் தரகர் ஒரு முறைக்குக் குறைந்தபட்சம் 50 ராண்டு வாங்குபவராக இருந்தால், வாங்க 50, விற்க 50. எதிர்பார்த்த லாபமே 19 பங்குக்கு 76 ராண்டுதான். விலை நாம் சொன்னபடியே ஏறினாலும் கையில் நட்டம். பக்கத்தின் மேல் மூலையில் இதற்கென்று ஒரு கட்டம் வைத்து, உங்கள் தரகரின் குறைந்தபட்சக் கட்டணத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்டாப் லாஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்திலும் ஒரு குறிப்பு உண்டு. 7,680 என்று எழுதி வைத்தால் அந்த விலையில் விற்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த விலை வந்த பிறகு கிடைக்கும் விலையில்தான் விற்கும். 2017 டிசம்பர் 5 இரவு ஸ்டைன்ஹாஃப் நிறுவனம் கணக்கு முறைகேடுகளையும் தலைமை நிர்வாகியின் விலகலையும் அறிவித்தது. மறுநாள் அந்தப் பங்கு 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. முந்தைய நாள் விலைக்குச் சற்றுக் கீழே ஸ்டாப் லாஸ் வைத்திருந்தவர்களுக்கு இடையில் வெளியேற வழியே இருந்திருக்காது. அந்த இரவில் வந்த செய்தி முந்தைய நாளின் மெழுகுவர்த்தியில் எழுதப்பட்டிருக்கவும் முடியாது.

நூற்றுக்கு 57 என்று சொன்னேனே, சுத்தியல் உண்மையில் எத்தனை முறை பலிக்கிறது? விரிவுரையில் சுத்தியலுக்கு மூன்று படம் காட்டினார்கள், மூன்றும் பலித்தவை. பலிக்காத படத்தை யாரும் பாடத்துக்கு எடுத்து வருவதில்லை. ஏமாற்ற வேண்டும் என்றல்ல, பாடம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக. அதனால் எண்ணிக்கையை நாமே எடுக்க வேண்டும். ஒரு பங்கின் பல ஆண்டு விலைப்பட்டியலை எடுத்து, மேலே சொன்ன சூத்திரத்தையும் இறக்க விதியையும் ஓட்டி, கிடைத்த ஒவ்வொரு சுத்தியலுக்கும் பத்து வர்த்தக நாள் கழித்து விலை என்ன என்று எழுதுங்கள். வரைபடத்தில் கையால் செய்தால் வலப்பக்கத்தை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு இடமிருந்து ஒவ்வொரு நாளாக நகருங்கள். பின்னால் நடந்தது தெரிந்துவிட்டால் பலிக்காத சுத்தியலை “இது சரியான சுத்தியல் இல்லை” என்று கண் ஒதுக்கிவிடும்.

40 சுத்தியல் கிடைத்து, 22 முறை விலை ஏறியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். 55 சதவீதம், பரவாயில்லையே என்று தோன்றும். இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ஒரு நாணயத்தை 40 முறை சுண்டினாலும் 22 அல்லது அதற்கு மேல் தலை விழுவது சுமார் மூன்று தடவைக்கு ஒரு தடவை நடக்கும். ஆக 40இல் 22 எதையும் நிரூபிக்கவில்லை. இரண்டாவது, அதே இறக்க விதிக்குப் பொருந்தும், ஆனால் சுத்தியல் இல்லாத நாள்களில் வாங்கியிருந்தால் எத்தனை முறை ஏறியிருக்கும்? அதுவும் 55 என்றால் ஏறியதற்குக் காரணம் சுத்தியல் இல்லை. விழுந்த பங்கு கொஞ்சம் எழுந்தது, அவ்வளவுதான். இந்த இரண்டாம் எண்ணிக்கையைப் பெரும்பாலோர் எடுப்பதே இல்லை. அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் பங்குகளில் 1992 முதல் 2002 வரையான விலைகளை வைத்து, 2006இல் வெளியான ஓர் ஆய்வு மெழுகுவர்த்தி வடிவங்களால் லாபம் கிடைப்பதற்கான ஆதாரம் இல்லை என்று சொன்னது. இங்கே வேறு மாதிரி இருக்கலாம் என்று நம்புபவர் தன் பங்கிலேயே எண்ணிப் பார்க்கட்டும்.

அப்படியானால் சுத்தியலுக்கு ஏன் ஒரு பக்கம்? அது ஓர் இடத்தைக் காட்டுகிறது என்பதற்காக. இன்று விலை 7,700 வரை விழுந்து அங்கிருந்து திரும்பியது என்பது உண்மைச் செய்தி. ஏற்கெனவே அந்தப் பங்கை வைத்திருப்பவருக்கு, நல்ல நிறுவனம் என்று வேறு காரணத்தால் வாங்கக் காத்திருப்பவருக்கு, அந்த எண் பயன்படும். வாங்குவதற்கான ஒரே காரணமாக அது தாங்காது.

பக்கம் முடிந்ததும் அக்காவுக்குப் படியெடுத்துக் கொடுத்தேன். நடுவில் படம், இடப்பக்கம் நான்கு விதி, வலப்பக்க ஓரத்தில் சிவப்பு மையில் எச்சரிக்கைகள், கீழே மேலே சொன்ன கணக்கு. அடுத்த சனிக்கிழமை அதைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டினார். கணக்கின் அடியில் பென்சிலால் எழுதியிருந்தார்: “8,200க்கு வேண்டாம். 7,900க்கு இறங்கி வந்தா பார்க்கலாம். அப்போ போறது 220, வர்றது 700.”